மீன் வெளுத்திருக்கிறதா, மறைந்துபோகிறதா: தொட்டியின் தரை, செடி, பின்னணி ஆகியவற்றில் பிழை நீக்கும் வழிமுறை

வாங்கும்போது நிறம் ததும்பிய மீன் வீட்டுத் தொட்டிக்கு வந்த சில நாட்களில் மங்கிப்போனால், பெரும்பாலோர் முதலில் தீவனத்தையும் அடுத்து விளக்கையும் மாற்றிப் பார்க்கிறார்கள். தொட்டியின் தரையிலும் பின்கண்ணாடியிலும் என்ன நிறம் இருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் கேட்பதே நல்லது என்பது என் கருத்து.

அந்தக் கேள்வியைக் கேட்கும்போது இரண்டு பிழைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மீனே தன் நிறத்தை உள்ளிழுத்துக்கொண்டிருப்பது. மற்றொன்று, மீனின் நிறம் முழுமையாக இருந்தும் சுற்றியுள்ளவற்றோடு அது கலந்துபோவதால் நம் கண்ணுக்கு எடுபடாதிருப்பது. முதற்பிழைக்குப் பெரும்பாலும் தரை காரணம். இரண்டாவதற்குப் பின்னணியும் செடிகளும் காரணம். தரையால் வந்த பிழைக்குப் பின்னணித் தாளை மாற்றிக்கொண்டிருந்தால் பலன் கிடைக்காது. எனவே கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் தொட்டிக்குப் பொருந்துவது எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பார்க்கும் நேரமும் முக்கியம். இரவு முழுவதும் இருட்டில் இருந்த மீன், விளக்கு எரியத் தொடங்கியதும் வெளுத்தே காணப்படும். நியான் டெட்ராவின் நீலக்கோடு கூட அப்போது மங்கி, ஊதாச் சாயலோடு இருக்கும். தண்ணீர் மாற்றிய உடனேயும், வலையால் பிடித்து விட்ட உடனேயும் அப்படித்தான். விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகு, மீன்கள் இயல்பாக நீந்திக்கொண்டிருக்கும்போது பார்ப்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அறிகுறி 1: எல்லா மீன்களும் ஒரே அளவில் வெளுத்திருக்கின்றன, ஆனால் நன்றாகச் சாப்பிடுகின்றன

தொட்டியின் அடியில் வெள்ளை, இளமஞ்சள் அல்லது பளிச்சென்ற வண்ணம் பூசிய கற்கள் இருந்தால், பிழை பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

மீனின் தோலில் நிறத்துக்கென்று தனிச் செல்கள் உண்டு. கருநிறச் செல்லுக்குள் மெலனின் என்னும் கருமையான நிறமி மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. துகள்கள் செல் முழுவதும் பரவி நிற்கும்போது தோல் கருமை கொள்கிறது. அவை செல்லின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியாகத் திரளும்போது தோல் வெளுக்கிறது. நிறமி குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சிவப்பு, மஞ்சள் நிறமிகளைக் கொண்ட செல்களும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகின்றன. இந்த மாற்றத்துக்கு மீனின் கண் ஆணையிடுகிறது. மேலிருந்து வரும் ஒளியையும் தரையிலிருந்து திரும்பி வரும் ஒளியையும் கண் ஒப்பிடுகிறது; தரையிலிருந்து அதிக ஒளி திரும்பினால், இரைதேடும் பறவைக்கும் பெரிய மீனுக்கும் தென்படாதிருக்க உடல் வெளுக்கிறது. விளக்கைக் கூட்டினால் நிறம் கூடும் என்று நம்பி, வெள்ளைக் கற்களின்மேல் இன்னும் வலிமையான விளக்கைப் பொருத்துவோர் எதிர்பார்த்ததைப் பெறாததற்குக் காரணம் இதுதான்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. துகள்கள் திரள்வதும் பரவுவதும் நிமிடங்களிலேயே நடக்கும். ஆனால் மீன் வாரக்கணக்கில் வெள்ளைத் தரையின்மேல் வாழ்ந்தால், செல்களின் எண்ணிக்கையும் அவற்றிலுள்ள நிறமியின் அளவுமே குறையத் தொடங்கும். வெள்ளைத் தரையில் நெடுநாள் இருந்த மீனைக் கருந்தரைக்கு மாற்றினால், முதல் நாளில் பாதி மாற்றமும் அடுத்த சில வாரங்களில் மீதியும் வருவது இதனால்தான். முதல் நாளிலேயே மனம் தளர்ந்துவிடக் கூடாது.

தரைதான் காரணமா என்று கற்களை அள்ளாமலேயே சோதிக்கலாம். சுவருக்கோ தரைக்கோ பதிக்கும் சிறிய பீங்கான் ஓடுகளில் கருநிறமானவற்றை எடுத்து, சோப்பு படாமல் வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, இருக்கும் கற்களின்மேல் நெருக்கமாகப் பரப்புங்கள். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டிக்கு 30 செ.மீ. சதுர ஓடு இரண்டு சரியாகப் பொருந்தும் என்று தோன்றும். கண்ணாடியின் தடிமன் போக உள்ளளவு சற்றுக் குறைவு என்பதால் அவை இறங்கா. 10 செ.மீ. ஓடுகளே வசதியானவை. தரையில் மூன்றில் இரண்டு பங்காவது மறைய வேண்டும். ஓடுகளை இடுவதற்கு முன்பும், இரண்டு நாள் கழித்தும், ஒரே விளக்கில், ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். மீன்கள் கறுத்து, செம்மை கூடியிருந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. மூன்று நாளுக்கு மேல் ஓடுகளை விட்டுவைக்க வேண்டாம். அவற்றின் அடியில் கழிவு தேங்கும், தரையைக் கிளறி உண்ணும் கோரிடோராஸ் போன்ற மீன்களுக்கும் அவை இடைஞ்சல்.

ஓடு போட்டும் மாற்றம் இல்லையென்றால், அல்லது வெளுப்பு உடல் முழுவதும் சீராக இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால், வேறு காரணத்தைத் தேட வேண்டும். துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருப்பது, மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்குவது, உணவைப் புறக்கணிப்பது ஆகியவை தரையின் நிறத்தால் வருவன அல்ல. அத்தகைய நிலையில் முதலில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். வெள்ளைத் தரையில் மற்ற மீன்களெல்லாம் வெளுத்திருக்க, ஒன்று மட்டும் நிலையாகக் கறுத்திருந்தால் அதன் கண்களைக் கூர்ந்து பாருங்கள். பார்வை இழந்த மீன் தரையின் ஒளியை உணராததால் கறுத்துவிடுவது உண்டு.

தரை என்ன நிறத்தில் இருக்கலாம் என்ற கேள்விக்கு, முழுக்கறுப்பைப் பரிந்துரைப்போர் பலர். நான் அடர்பழுப்பும் கருஞ்சாம்பலும் கலந்த ஆற்றுச் சரளையையே தேர்ந்தெடுப்பேன். முழுக்கறுப்பின்மேல் இளநிற எச்சம் உடனே கண்ணில் படும். அதைவிட முக்கியமான காரணம், உடலெங்கும் மெலனின் கலந்திருக்கும் சில மீன்கள் முழுக்கறுப்பின்மேல் அளவுக்கு மீறிக் கறுத்து, அவற்றின் மஞ்சளும் செம்மையும் கலங்கலாகத் தெரியத் தொடங்குகின்றன. கலப்பு நிறத் தரையில் அந்தக் கலங்கல் வருவதில்லை. வண்ணம் பூசிய கற்களை நான் பரிந்துரைப்பதில்லை. நீலமும் இளஞ்சிவப்புமான கற்கள் மீனின் நிறத்தோடு போட்டியிடுகின்றன, பூச்சும் காலப்போக்கில் உரிகிறது.

கல்லின் அளவு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருந்தால் செடியின் வேர் பிடிக்கும், எச்சமும் ஆழத்தில் இறங்கிவிடாது. கோரிடோராஸ் வளர்ப்போர் முனை மழுங்கிய மென்மணலையே பயன்படுத்த வேண்டும். கூர்மையான கருங்கல் துகள்கள் அவற்றின் மீசையைத் தேய்த்துவிடும். வாங்கிய கல் எதுவாயினும் ஒரு கைப்பிடியை உலர்த்தி, அதன்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது தண்ணீரின் கடினத்தன்மையை மெல்ல ஏற்றிக்கொண்டே இருக்கும், டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கு அது ஒத்துவராது.

ஒரு தொட்டியில் இதைச் செய்த விதம்

என்னிடம் இருந்த 60 × 30 × 36 செ.மீ. தொட்டியில் 14 நியான் டெட்ராவும் 5 செர்ரி பார்பும் இருந்தன. தரையில் வெள்ளைக் கல். பின்னால் பளபளப்பான நீலத் தாள். ஆண் செர்ரி பார்புகள் பழுத்த செம்மையைக் காட்ட வேண்டியவை. அவையோ நீர்த்துப்போன ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. நியான்களின் முதுகு வெளிறிய பழுப்பாக இருந்தது. வினிகர் விட்டபோது வெள்ளைக் கல் மெல்லிய ஓசையோடு நுரைத்தது. கருப்பு ஓடுகளை வைத்த இரண்டாம் நாளில், ஓடுகளின்மேல் திரிந்த மீன்களின் முதுகு தெளிவாகக் கறுத்திருந்தது. எனவே தரையை மாற்ற முடிவு செய்தேன்.

எவ்வளவு கல் வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. நீளம் 60, அகலம் 30, வேண்டிய உயரம் 4 செ.மீ.; மூன்றையும் பெருக்கினால் 7,200 கன செ.மீ., அதாவது 7.2 லிட்டர். சரளை லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும் என்பதால், 11 கிலோ வாங்கினால் போதும்.

கற்களை ஒரே நாளில் முழுவதும் மாற்றவில்லை. அம்மோனியாவைச் சிதைக்கும் நற்பாக்டீரியாக்கள் பில்டரில் மட்டுமல்லாமல் கற்களின் மேற்பரப்பிலும் குடியிருக்கின்றன. ஒரேயடியாக அள்ளினால் அம்மோனியா எகிறும். என் கற்கள் சுண்ணாம்புக் கற்களாகவும் இருந்ததால், கடினத்தன்மை திடீரென்று மாறுவதைத் தவிர்க்கவும் படிப்படியாகச் செய்ய வேண்டியிருந்தது. தொட்டியை நீளவாக்கில் மூன்று பகுதிகளாக மனத்தில் பிரித்துக்கொண்டு, பத்து நாளுக்கு ஒரு பகுதியாக மாற்றினேன். ஏறத்தாழ 2 செ.மீ. விட்டமுள்ள குழாயால், வழக்கமாக வெளியேற்றும் 12 லிட்டர் தண்ணீரோடு சேர்த்தே கற்களையும் உறிஞ்சி எடுத்தேன். கையால் அள்ளியிருந்தால் அடியில் இருந்த சேறெல்லாம் கலங்கி எழுந்திருக்கும். புதுச் சரளையை, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் புனல்போல் பிடித்துத் தரைக்கு அருகிலேயே இறக்கினேன். ஒவ்வொரு முறையும் அடுத்த மூன்று நாட்களுக்கு உணவைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியாவை நாள்தோறும் அளந்தேன்.

முதற்பகுதி மாறிய பத்து நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கருந்தரையாக இருந்தும், நியான் கூட்டம் பெரும்பாலான நேரம் அதன் மேலேயே நின்றது. வெள்ளைத் தரையைக் கடக்கும்போது கூட்டம் நெருங்கி விரைந்தது. கருந்தரைக்கு வந்ததும் தளர்ந்து பரந்தது. அச்சம் தணிந்த மீனின் நிறம் கூடுவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை அந்தக் காட்சி எனக்குத் தெளிவாகக் காட்டியது. மூன்றாம் பகுதியையும் மாற்றி மூன்று வாரங்கள் கழிந்தபோது ஆண் பார்புகள் செம்மையை மீட்டிருந்தன. ஆனாலும் நான்கடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் நியான்களின் நீலக்கோடு பின்னணியில் கரைந்தே இருந்தது. தரை தன் வேலையைச் செய்துவிட்டது. எஞ்சியது அடுத்த அறிகுறி.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: உங்கள் தொட்டியில் கற்களுக்கு அடியில் பதிக்கும் வகைப் பில்டர் இருந்தால், கற்களே பில்டர் ஆகும். அங்கே மென்மணல் போட்டால் அடைத்துக்கொள்ளும். 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள கற்களையே பயன்படுத்த வேண்டும், மாற்றுவதையும் மூன்று தவணைகளுக்குப் பதிலாக நான்கு, ஐந்து தவணைகளில் செய்வது நல்லது.

அறிகுறி 2: அருகில் பார்த்தால் நல்ல நிறம், தள்ளி நின்றால் மீன் தெரியவில்லை

இது மீனின் பிழையன்று, பின்னணியின் பிழை. தொலைவிலிருந்து பார்க்கும்போது நம் கண் பொருளின் விளிம்பை நிறத்தைக்காட்டிலும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டே பிரித்தறிகிறது. மீனும் பின்னணியும் வெவ்வேறு நிறங்களாக இருந்தாலும் அவற்றின் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால், சிறிய மீன் கலந்துபோகும்.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து தொட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதில் மீன்கள் எடுப்பாகத் தெரிந்தால் பின்னணி சரியாக இருக்கிறது. சாம்பலுக்குள் சாம்பலாக அவை மறைந்தால் பின்னணியை மாற்ற வேண்டும். என் தொட்டியின் நீலத் தாளில் நியான்களின் கோடு முற்றிலும் காணாமல் போனதை இந்தப் படத்தில்தான் தெளிவாகக் கண்டேன்.

நீலப் பின்னணி எல்லோருக்கும் பழகிய ஒன்று. ஆரஞ்சு, மஞ்சள் மீன்களுக்கு அது பொருந்தும். நீலக்கோடுள்ள டெட்ராவுக்கும் நீலக் கப்பிக்கும் அது எதிரி. செடிகளும் பாறைகளும் அச்சிட்ட படத்தாளை நான் எந்த மீனுக்கும் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள ஒளியும் நிழலும் மீனின் அளவிலேயே இருப்பதால் மீன் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. பின்னால் ஒன்றுமே இல்லாமல் வெறும் கண்ணாடியாக விட்டுவிடுவதும் பிழையே. பின்சுவரின் வெளிச்சம் மீனுக்குப் பின்னாலிருந்து வரும்போது, நம் பக்கம் இருக்கும் மீனின் விலா நிழலாகிவிடுகிறது.

பெரும்பாலான வண்ண மீன்களுக்குப் பளபளப்பில்லாத கறுப்பே பாதுகாப்பான தேர்வு. தரையில் முழுக்கறுப்பை மறுத்த நான் பின்னால் அதை ஏற்பதற்குக் காரணம், மீனின் நிறமாற்றத்தைத் தரை ஆள்கிற அளவுக்குப் பின்சுவர் ஆள்வதில்லை என்பதுதான்; அங்கே கறுப்பின் பயன் பெரும்பாலும் நம் கண்ணுக்கே. வாங்கும் முன் கறுப்புச் சார்ட் தாளை வெளிப்பக்கத்தில் ஒட்டி ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நிலையாகப் பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளை நான்கு மூலைகளில் மட்டும் ஒட்டினால் அதற்கும் கண்ணாடிக்கும் இடையே மெல்லிய காற்று அடுக்கு நின்றுவிடும். முன்னாலிருந்து பார்க்கும்போது அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பின்கண்ணாடி வெள்ளித்தகடுபோல் பளபளத்து, கறுப்புத் தாளே தெரியாமல் போகும். தண்ணீருக்குள் சாய்வாகச் செல்லும் ஒளி, கண்ணாடியைத் தாண்டிக் காற்றுக்குள் நுழைய முடியாமல் முழுவதுமாகத் திரும்பிவிடுவதே காரணம். காற்று அடுக்கை நீக்கினால் இது தீரும். பசையுள்ள வினைல் தாளை, சோப்பு கலந்த நீரைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தெளித்து ஒட்டி, பழைய அட்டை ஒன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துக் குமிழ்களை வெளியேற்றலாம். அல்லது வெளிப்பக்கத்தில் பளபளப்பில்லாத அக்ரிலிக் பெயிண்டை உருளைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசலாம். தொட்டி காலியாக இருக்கும்போது பூசுவது சிறந்தது. உள்பக்கத்தில் ஒருபோதும் பூசக் கூடாது.

அறிகுறி 3: செடிகள் வளர்ந்த பிறகு மீன் மங்கிவிட்டது

செடியின் நிறத்தைக்காட்டிலும் இலையின் அளவு இங்கே முதன்மையானது. 3 செ.மீ. நீளமுள்ள நியானுக்குப் பின்னால் கபோம்பாவைப்போல் நூல்நூலாக இலைவிட்ட செடி இருந்தால், ஒளிக்கீற்றும் நிழற்கீற்றும் மீனின் அளவிலேயே மாறிமாறி விழுகின்றன. கோடுள்ள மீன் அதில் இயற்கையாகவே மறையும். அதன் உடற்கோடு உருவானதே அதற்காகத்தானோ என்று தோன்றும். சிறிய மீனுக்குப் பின்னால் மீனைவிடப் பெரிய, கரும்பச்சை இலைகள் வேண்டும். ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் இதற்கு மிகப் பொருத்தமானவை. குறைந்த வெளிச்சத்திலும் வளரும். இரண்டையும் மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்ட வேண்டும். அவற்றின் கிழங்குபோன்ற தண்டைச் சரளைக்குள் புதைத்தால் அழுகிவிடும். நூலிலைச் செடிகளை விட மனமில்லாதவர்கள் அவற்றைப் பக்க மூலைகளில் நட்டு, மீன்கள் நீந்தும் நடுப்பகுதிக்குப் பின்னால் மட்டும் அகன்ற இலைகளை வைக்கலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, செம்மீனுக்குப் பின்னால் கரும்பச்சை நின்றால் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். சிவப்பு ரொட்டாலாவையும் சிவப்பு லுட்விஜியாவையும் வளர்த்துவிட்டு, அவற்றின் முன்னால் செர்ரி பார்போ சிவப்பு பிளாட்டியோ எடுபடவில்லை என்று வருந்துவோர் உண்டு. அங்கே கண் முதலில் செடிக்குத்தான் போகும். செஞ்செடி வேண்டுமென்றால் ஒரே ஒரு கொத்தை, மீன்கள் குறைவாகத் திரியும் ஓரத்தில் வையுங்கள். நீலமும் வெள்ளியுமான மீன்களுக்குப் பின்னால் செஞ்செடி தாராளமாக இருக்கலாம்.

மேற்பரப்பில் மிதக்கும் செடிகள் வெளிச்சத்தைத் தணித்து மீனின் அச்சத்தைக் குறைக்கின்றன. வெளிர்நிறத் தரையை உடனே மாற்ற இயலாதவர்களுக்கு இது ஓரளவு கைகொடுக்கும். தரைமேல் விழும் ஒளி குறைவதால் திரும்பும் ஒளியும் குறைகிறது. மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடவிட்டால் கீழே உள்ள செடிகள் வாடும் என்பதால், வாரம் ஒருமுறை அள்ளி எடுக்க வேண்டும்.

அறிகுறி 4: கோடு மின்னவில்லை, மற்ற நிறங்கள் சரியாக உள்ளன

நியானின் நீலக்கோட்டில் நீல நிறமி இல்லை. செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பும் விதத்தாலேயே அந்த நீலம் தோன்றுகிறது. ஆகவே ஒளி நம் பக்கத்திலிருந்து சென்று மீனின் விலாவில் பட்டுத் திரும்ப வேண்டும். விளக்குப் பட்டையைத் தொட்டியின் பின்விளிம்பில் வைத்திருந்தால் முன்விளிம்புக்கு நகர்த்துங்கள். செலவில்லாத இந்த ஒரே மாற்றம் பல தொட்டிகளில் உடனே வேறுபாட்டைக் காட்டுகிறது.

விளக்கின் ஒளி வகையையும் பாருங்கள். மஞ்சளொளி தரும் 3000 கெல்வின் விளக்கில் நீலம் சோர்ந்துவிடும். 10,000 கெல்வினுக்கு மேற்பட்ட நீலவொளியில் செம்மை பழுப்பாகிவிடும். இரண்டு நிறங்களும் உள்ள தொட்டிக்கு 6500 கெல்வின் அருகிலுள்ள வெள்ளொளியே நடுவானது. மரக்கட்டையிலிருந்து கசியும் சாயத்தால் தண்ணீர் தேநீர் நிறமாக இருந்தாலும் நீலம் சற்று அடங்கும். மீனுக்கு அதனால் கேடில்லை.

அறிகுறி 5: கருமீன் காணாமல் போகிறது

கறுப்பு மோலி, கறுப்பு ஏஞ்சல் போன்றவற்றுக்கு மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகும். இவற்றின் கருமை இனப்பெருக்கத் தேர்வால் நிலைத்தது என்பதால் வெளிர்தரையிலும் பெரிதாக வெளுக்காது. இவற்றுக்கு இளம்பழுப்பு மணலும், இளம்பச்சை வாலிஸ்நேரியாவும், ஒளி ஊடுருவும் மங்கலான வெண்தாளும் பொருந்தும். கூசும் வெள்ளை தேவையில்லை. கருமீனும் வண்ண மீனும் ஒரே தொட்டியில் இருந்தால், தரையை நடுத்தரப் பழுப்பாக வைத்து, பின்னணியில் கறுப்புக்குப் பதிலாகக் கருஞ்சாம்பலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்று முழுமையாக எடுபடாது. எண்ணிக்கையில் மிகுந்த மீனுக்குச் சாதகமாக முடிவெடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

அறிகுறி 6: எல்லாம் மாற்றியும் செம்மை மட்டும் திரும்பவில்லை

கருந்தரை போட்டு ஆறு வாரங்கள் ஆகியும் முதுகு கறுத்திருக்க, செம்மையும் மஞ்சளும் மட்டும் வெளிறியே இருந்தால் தீவனத்துக்கு வருவதற்கான நேரம் இதுதான். செம்மைக்கும் மஞ்சளுக்கும் அடிப்படையான கரோட்டினாய்டுகளை மீன் தானாக உருவாக்க முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். ஸ்பைருலினா, இறால் அல்லது அஸ்டாக்சாந்தின் சேர்ந்த தீவனத்தை வாரத்தில் சில நாள் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன் தரையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கருஞ்சரளையின்மேல் மாதக்கணக்கில் வெளிர்ந்த எச்சம் படிந்து, தரையே மீண்டும் இளஞ்சாம்பலாக மாறியிருக்கலாம். அப்படி இருந்தால் வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தின்போது சரளையின் மேலடுக்கைக் குழாயால் உறிஞ்சித் தூய்மைப்படுத்தினாலே தரையின் பழைய நிறம் வெளிப்படும். அல்பினோ வகை மீன்களாக இருந்தால் அவற்றில் மெலனினே இல்லாததால், தரையை மாற்றுவதால் முதுகு கறுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்குப் பின்னணி மட்டுமே பயன்படும்.